72 ஸ்லைட், ஒரு அட்டை: எக்செல் பயிற்சியைக் கைக்கு அடக்கமாக்குவது எப்படி

திருகோணமலையில் உட்துறைமுகப் பக்கம் ஒரு மீனவர் சங்கத்தின் சிறிய அலுவலகம். காலையில் படகுகள் வந்ததும் எந்தப் படகு, என்ன மீன், எத்தனை கிலோ, என்ன விலை என்று எக்செல் விரிதாளில் பதிகிறார்கள். இரண்டு நாள் பயிற்சி கொடுத்துவிட்டுப் போனவர் 72 ஸ்லைட் கொண்ட பவர்பொயின்ட் கோப்பு ஒன்றை விட்டுப் போயிருந்தார். நல்ல கோப்புத்தான். ஆனால் அங்கே பதிவு வேலை பார்க்கும் அக்கா என்னிடம் கேட்டது இதுதான்: “தம்பி, படகுக்காரர் முன்னுக்கு நிற்கேக்க நான் எத்தனையாவது படத்தைத் தேடுறது?”

அந்தக் கேள்விக்காகத்தான் ஒரு அட்டை செய்தோம். ஏ5 அளவு, இரண்டு பக்கம், ஒன்பது வேலைகள். உங்கள் கையில் வேறு மென்பொருளின் பயிற்சிக் கோப்பு இருந்தாலும் வழி இதேதான். நான் எக்செலை வைத்தே சொல்லிப் போகிறேன்.

முதலில் கோப்பைத் திறக்காதீர்கள்

பலரும் ஸ்லைட்களில் இருந்து தொடங்குகிறார்கள். முதல் ஸ்லைடில் இருந்து கடைசி வரை போய், முக்கியமாகத் தெரிவதை எல்லாம் எடுத்து, எழுத்தைச் சின்னதாக்கி ஒரு தாளில் அடைக்கிறார்கள். அது சுருங்கிப்போன பயிற்சிக் கோப்பாக இருக்குமே தவிர அட்டையாக இருக்காது. பயிற்சி கொடுத்தவர் எதை முக்கியம் என்று நினைத்தார் என்பதைத்தான் ஸ்லைட்கள் காட்டும். மேசையில் இருப்பவர் எங்கே தடுக்கி நிற்கிறார் என்பது அவற்றில் இருக்காது.

நான் ஒரு கொப்பியோடு மூன்று காலை அந்த அலுவலகத்தில் உட்கார்ந்தேன். யாராவது வேலையை நிறுத்தி யோசித்தால், பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால், அல்லது ஸ்லைட் கோப்பைத் திறந்தால் ஒரு கோடு போட்டேன். மொத்தம் 41 கோடுகள். திகதி போடுவதில் 11, ஒரு படகின் பதிவுகளை மட்டும் பார்ப்பதில் 9, கீழே போகப் போகத் தலைப்பு மறைந்துபோவதில் 6, கூட்டுத்தொகையில் 5, தட்டியதைத் திருத்துவதில் 4, அச்சு எடுப்பதில் 3. மிச்சம் மூன்றும் உதிரி.

அப்புறம்தான் கோப்பைத் திறந்தேன். பிவொட் டேபிளுக்கு மட்டும் 14 ஸ்லைட்கள் இருந்தன. அதற்கு என் கொப்பியில் ஒரு கோடுகூட இல்லை. அதிகக் கோடு வாங்கிய திகதிக்கு இருந்தது ஒரே ஒரு ஸ்லைட், அதிலும் ஒரு சிக்கல். அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்று நாள் உட்கார வசதி இல்லை என்றால், வேலை செய்பவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, தடுக்கும்போதெல்லாம் இரண்டு சொல் எழுதி வைக்கச் சொல்லுங்கள். “உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்?” என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லாம் என்பார்கள், அல்லது ஒன்றுமில்லை என்பார்கள்.

ஸ்லைட்களைத் தாளுக்குக் கொண்டுவருதல்

பவர்பொயின்டில் View பகுதியில் உள்ள Outline View எல்லா ஸ்லைட்களின் எழுத்தையும் ஒரே ஓட்டமாகக் காட்டும், அதிலிருந்து நகல் எடுக்கலாம் என்று சொல்வார்கள். சரிதான், ஆனால் ஸ்லைடில் இயல்பாக வரும் தலைப்புப் பெட்டியிலும் உரைப் பெட்டியிலும் தட்டிய எழுத்து மட்டுமே அங்கே தெரியும். தனியாகச் செருகிய உரைப் பெட்டிகளும் திரையைப் பிடித்துப் போட்ட படங்களும் அதில் வராது. எங்கள் கோப்பில் பாதி ஸ்லைட் வெறுமையாகத் தெரிந்தது.

வந்த எழுத்திலும் இன்னொரு தொல்லை. சில தலைப்புகள் jpUNfhzkiy என்பதுபோல வந்தன. கோப்பு பழுதாகவில்லை. அந்த எழுத்துகளை பாமினி எழுத்துருவில் பார்த்தால் “திருகோணமலை” என்று இருக்கும். நம் பக்கத்துப் பழைய கோப்புகள் பலவும் இப்படித்தான். அதை யுனிகோடுக்கு மாற்றியில் போட்டு எடுக்கலாம். சில வரிகள்தான் என்றால் பார்த்துத் திரும்பத் தட்டுவது விரைவு. அட்டையை மட்டும் கட்டாயம் யுனிகோடில் செய்யுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கணினியில் திறப்பவருக்கும் இதே தலையிடி.

கடைசியில் எனக்கு உதவியது மிகச் சாதாரணமான வழி. Print பகுதியில் Full Page Slides என்று இருப்பதை 9 Slides வகைக் கைத்தாளாக மாற்றினால் 72 ஸ்லைட்களும் எட்டுத் தாளில் வந்துவிடும். அவற்றை மேசையில் பரப்பி, கொப்பியில் கோடு வாங்கிய வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதைப் பென்சிலால் வட்டமிட்டேன். 72இல் 19 ஸ்லைட்களுக்கு வட்டம் கிடைத்தது. எட்டுத் தாளையும் ஒரே பார்வையில் வைத்திருக்கும்போது, ஒரே வேலை இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொல்லப்பட்டிருப்பதும் கண்ணில் படும். திரையில் ஒவ்வொன்றாகத் தட்டிப் போனால் அது தெரியாது.

ஒரு வேலை, மூன்று துண்டு

அட்டையில் ஒவ்வொரு வேலைக்கும் மூன்று துண்டு எழுதினேன்: வேலை செய்பவர் சொல்லும் சொல்லில் வேலையின் பெயர், அழுத்த வேண்டிய விசை அல்லது படி, சரியாக நடந்தால் திரையில் என்ன தெரியும் என்ற அடையாளம். மூன்றாவது துண்டு பயிற்சி ஸ்லைட்களில் அநேகமாக இருக்காது, ஏனென்றால் அங்கே படம் இருக்கும். படத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் ஒரு சொற்றொடராவது வேண்டும். இல்லையென்றால் படிகளைச் செய்து முடித்தவர் நடந்ததா, இல்லையா என்று தெரியாமல் திரும்பவும் அழுத்துவார்.

ஒரு படகின் பதிவுகளை மட்டும் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். கோப்பில் இதற்கு ஏழு ஸ்லைட்கள். அட்டையில் இப்படி ஆனது:

```
ஒரு படகை மட்டும் பார்க்க
  [Ctrl] [Shift] [L]
  'படகு' தலைப்பின் அம்பு > Search > இலக்கம் > Enter
  அடையாளம்: இடப்பக்க நிரை எண்கள் நீலம்
  எல்லாம் திரும்ப வர: அதே மூன்று விசை
```

நீல எண்கள் சும்மா அழகுக்கு இல்லை. வடிகட்டியிருக்கும் நிரைகளின் எண்கள் எக்செலில் நீலமாக மாறும். நடுவில் யாராவது ஒரு நிரையை வெறுமையாக விட்டிருந்தால், எக்செல் தானாகப் பிடிக்கும் வடிகட்டல் அந்த வெற்று நிரையோடு நின்றுவிடும். அதற்குக் கீழே உள்ள பதிவுகள் எல்லாப் படகுகளோடும் அப்படியே தெரியும், அவற்றின் எண்கள் கறுப்பாகவே இருக்கும். கீழே கறுப்பு எண்ணோடு பதிவுகள் தெரிந்தால் வெற்று நிரையைத் தேட வேண்டும் என்று அக்காவுக்கு ஒருமுறை சொன்னால் போதும். அட்டையில் “நீலம்” என்ற ஒரு சொல் அதை ஞாபகப்படுத்திவிடும்.

Search பெட்டியிலும் ஒரு சிறு பொறி உண்டு. 123 என்று தட்டினால் 1123ஐயும் சேர்த்துக் காட்டும். பெட்டிக்குக் கீழே உள்ள பட்டியலில் ஒன்றுக்கு மேல் வந்தால் வேண்டாததன் சரியை எடுத்துவிட வேண்டும். அட்டையில் இதை எழுதவில்லை, வாயால் சொன்னேன். எழுதத் தொடங்கினால் அட்டை திரும்பவும் புத்தகமாகிவிடும்.

திரையில் உள்ள சொல்லைத் தமிழாக்காதீர்கள்

வேலையின் பெயரும் விளக்கமும் தமிழில், திரையில் வாசிக்கும் சொல் திரையில் உள்ளபடியே. Freeze Panes என்பதைப் “பலகங்களை உறையவை” என்று எழுதினால் வாசிக்க அழகாக இருக்கலாம், ஆனால் ஆங்கிலத் திரையில் அதைத் தேடுபவருக்குக் கிடைக்காது. அட்டையில் “தலைப்பு மறையாமல் இருக்க” என்று போட்டு, அதற்குக் கீழே View > Freeze Panes > Freeze Top Row என்று எழுதினேன். முதல் நிரை கண்ணுக்குத் தெரியும்படி மேலே வந்த பிறகே இதைச் செய்ய வேண்டும். கீழே உருட்டி நிற்கும்போது செய்தால் அந்த நேரம் மேலே தெரியும் நிரைதான் பூட்டப்படும்.

அதே அலுவலகத்தில் சிங்களம் பேசும் தம்பி ஒருவரும் இருக்கிறார். அவர் அட்டையின் விசைப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு முதல் நாளே வேலை செய்தார். விசைகளைத் தனி நிரலில் வைத்தது அவரை நினைத்தல்ல, ஆனால் நல்லதாய்ப் போயிற்று.

கோப்பில் உள்ளதே தவறான வழியாக இருந்தால்

இப்போது திகதி விஷயம். ஸ்லைடில் இருந்தது இது:

```
=TODAY()
```

தட்டியதும் இன்றைய திகதி வரும். ஆனால் அது திகதி அல்ல, சூத்திரம். நாளைக்குக் கோப்பைத் திறந்தால் நாளைய திகதியைக் காட்டும். ஒரு கிழமையாகப் பதிந்த பதிவுகள் எல்லாம் ஒரே நாளில் நடந்ததாகத் தெரிந்தபோதுதான் இது பிடிபட்டது. பயிற்சி கொடுத்தவர் மேல் பிழை சொல்ல மாட்டேன், அவர் சூத்திரம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டத்தான் அதை வைத்திருந்தார். பதிவேட்டுக்கு வேண்டியது மாறாத திகதி. அதற்கு Ctrl ஐ அழுத்திக்கொண்டு அரைப்புள்ளி விசை.

பழைய நாளொன்றின் திகதியைத் தட்டும்போது வேறு சிக்கல். விண்டோஸ் அமெரிக்க அமைப்பில் இருந்தால் 05/03 என்பது மே 3 ஆகிவிடும். 25/03/2025 என்று போட்டால் 25ஆம் மாதம் இல்லாததால் எக்செல் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். இரண்டாவதைக் கண்டுபிடிக்கலாம்: உண்மையான திகதி கலத்தின் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். முதலாவதைக் கண்டுபிடிக்கவே முடியாது, அதுதான் ஆபத்து. எனவே அட்டையில் “பழைய திகதி: 25-mar என்று தட்டுக” என்று போட்டோம். மாதத்தை எழுத்தில் கொடுத்தால் எந்த அமைப்பிலும் குழப்பம் இல்லை. நடப்பு ஆண்டைத் தானே எடுத்துக்கொள்ளும்.

ஸ்லைடில் உள்ள ஒவ்வொரு படியையும் அட்டையில் ஏற்றுமுன் அவர்களின் கணினியிலேயே செய்து பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அங்கே இருந்த மடிக்கணினியில் F2 அழுத்தினால் ஒலி குறைந்தது. Fn ஐயும் சேர்த்துப் பிடித்தால்தான் கலத்தைத் திருத்த முடிந்தது. விசைப்பலகை தமிழில் இருந்தால் சூத்திரம் தட்டும்போது தமிழ் எழுத்தே விழும். Windows விசையும் இடைவெளி விசையும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்குப் போக வேண்டும். இதையும் அட்டையின் மேல் மூலையில் ஒரு வரியாக வைத்தேன்.

சில படிகளைத் தாளிலேயே முடித்துவிடலாம்

கூட்டுத்தொகைக்கு ஐந்து கோடுகள் விழுந்ததற்குக் காரணம், படகு வாரியாக வடிகட்டிய பிறகும் SUM எல்லாப் படகுகளின் தொகையையும் சேர்த்துக் காட்டியது. வடிகட்டலில் மறைந்த நிரைகளை விட்டுவிட்டுக் கூட்டுவது SUBTOTAL. இதை அட்டையில் விளக்க மூன்று வரியாவது வேண்டும். அதற்குப் பதில் விரிதாளின் H1 கலத்தில் நானே இதை ஒருமுறை தட்டி வைத்தேன்:

```
=SUBTOTAL(9,F2:F2000)
```

F என்பது தொகை நிரல், 9 என்றால் கூட்டு. H1 முதல் நிரையில் இருப்பதால் வடிகட்டினாலும் மறையாது, மேலே பூட்டியிருப்பதால் உருட்டினாலும் போகாது. G நிரலை வெறுமையாக விட்டதால் H பட்டியலோடு சேராமல் தனியே நிற்கும். இப்போது படகைத் தேர்ந்தாலே அதன் தொகை மேலே வந்து நிற்கிறது. அட்டையில் ஒரு வேலை குறைந்தது. உங்கள் கோப்பிலும் இப்படி ஒருமுறை செய்து வைத்தால் முடிந்துவிடும் படிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அச்சு எடுப்பதும் அப்படித்தான்: Page Layout பகுதியில் Width ஐ 1 page என்று வைத்துச் சேமித்தால், கடைசி நிரல் தனித் தாளில் போய் விழுவது நின்றுவிடும்.

அட்டையை அமைத்தல்

பவர்பொயின்டிலேயே செய்யலாம். Design > Slide Size > Custom Slide Size போய், அங்கே பட்டியலில் உள்ள ஏ4 ஐத் தேர்ந்துவிடாதீர்கள். அது 27.517 x 19.05 செ.மீ., உண்மையான தாளைவிடச் சிறியது. அகலம் 29.7, உயரம் 21 என்று கையால் தட்டுங்கள். எதையும் வைக்குமுன் இதைச் செய்ய வேண்டும், பிறகு மாற்றினால் எல்லாம் இழுபடும். இரண்டு ஸ்லைட்கள் போதும். முதலாவதில் அட்டையின் முன்பக்கத்தை இடமும் வலமுமாக இரண்டு தடவை வையுங்கள், இரண்டாவதில் பின்பக்கத்தை அதேபோல். நடுவில் வெட்டினால் ஒரு தாளில் இரண்டு அட்டை.

முன்பக்கம் காலை வேலை, அவர்கள் செய்யும் ஒழுங்கிலேயே: திகதி, மேலே உள்ளதையே திரும்பப் போட Ctrl உடன் D, திருத்தல், படகைப் பார்த்தல். பின்பக்கம் மாதமுடிவு வேலைகள். தமிழ் எழுத்து 11 புள்ளிக்குக் கீழே போகக் கூடாது. சுழிகளும் கொம்புகளும் ஒன்றில் ஒன்று இடிக்காமல் வரி இடைவெளி கொஞ்சம் தாராளமாக வேண்டும். நான் விண்டோஸோடு வரும் Nirmala UI எழுத்துருவைப் பாவித்தேன். இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சின்னதாக்காமல், கொப்பியில் ஆகக் குறைந்த கோடு வாங்கிய வேலையை எடுத்துவிடுங்கள்.

வாயை மூடிக்கொண்டு ஒரு சோதனை

முதல் பிரதியைச் சாதாரணத் தாளில் எடுத்து, பயிற்சிக்கு வராத ஒருவரிடம் கொடுத்தேன். “இன்றைய திகதியில் ஒரு பதிவு போட்டு, அந்தப் படகின் பதிவுகளை மட்டும் காட்டுங்கோ” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். உதவக் கூடாது. இது நினைப்பதைவிடக் கஷ்டம்.

முதல் வேலையிலேயே தடுக்கினார். நான் Ctrl + ; என்று எழுதியிருந்தேன். அவர் Ctrl, கூட்டல் குறி, அரைப்புள்ளி மூன்றையும் அழுத்தினார். செருகவா என்று கேட்கும் பெட்டியொன்று வந்து நின்றது. அவர் எழுதியிருந்ததைத்தானே செய்தார்! அன்றே எல்லாக் கூட்டல் குறிகளையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு விசையையும் தனிக் கட்டத்தில் போட்டேன். மேலே ஒரு வரி: “முதல் விசைகளை அழுத்தியபடியே கடைசி விசையை ஒருமுறை தட்டுக.” அரைப்புள்ளி சின்ன எழுத்தில் முக்காற்புள்ளி மாதிரித் தெரிந்ததால், பக்கத்தில் “L க்கு அடுத்த விசை” என்று சேர்த்தேன். விசை எழுத்துகளைப் பெரிய எழுத்திலேயே போடுங்கள். சிறிய l எண் ஒன்றைப் போல இருக்கும்.

இரண்டு பேரிடம் சோதித்தால் போதும். இரண்டாமவர் தடுக்கிய இடம் ஒன்றுதான், Search பெட்டியில் இலக்கத்தைத் தட்டிவிட்டு Enter ஐ மறந்தார். முதல் பிரதியில் அந்தச் சொல் இல்லை.

அச்சு

போட்டோகொப்பிக் கடைக்குப் பவர்பொயின்ட் கோப்பைக் கொண்டுபோகாதீர்கள். கடைக் கணினியில் எழுத்துரு இல்லையென்றால் வரிகள் உடைந்து இடம் மாறும். பிடிஎஃப் ஆக்கிப் பென்டிரைவில் கொடுங்கள். இரு பக்க அச்சில் Flip on short edge என்று தேர வேண்டும், கிடைத்தாளில் மற்றதைத் தேர்ந்தால் பின்பக்கம் தலைகீழாக வரும். Actual size என்றும் சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு தாளை எடுத்து, வெட்டி, புரட்டிப் பார்த்த பிறகு மிச்சத்தை எடுங்கள்.

அடியில் சின்னதாக “Excel 2016” என்றும் மாதமும் ஆண்டும் போட்டேன். மென்பொருள் மாறியபின் பழைய அட்டை மேசையில் கிடந்தால் எது புதிது என்று தெரிய வேண்டுமே.

லேமினேட் செய்ய அவசரப்படவில்லை. மீன் தொட்ட கையும் கடற்காற்றின் ஈரமும் உள்ள இடத்துக்கு அது கட்டாயம் வேண்டும், ஆனால் லேமினேட் செய்தால் பேனா எழுதாது. பின்பக்கத்தின் அடியில் நான்கு வெற்றுக் கோடுகள் விட்டு, வெறும் தாள் அட்டையாகவே ஒரு மாதம் பாவிக்கக் கொடுத்தேன். மாதமுடிவில் நான்கு அட்டைகளையும் திரும்ப வாங்கிப் பார்த்தேன். இரண்டில் ஒரே குறிப்பு: ஒரு கலத்துக்குள் அடுத்த வரிக்குப் போக Alt உடன் Enter. அதை இரண்டாம் பதிப்பில் சேர்த்து, யாரும் தொடாத ஒன்றை எடுத்துவிட்டு, ஓரத்தில் ஒட்டும் பகுதியை வெட்டாமல் லேமினேட் செய்தோம். மூன்றாவது அட்டையின் கோடுகள் வெறுமை. அக்காவின் அட்டையில் ஐஸ் கொண்டுவருபவரின் தொலைபேசி இலக்கம் இருந்தது. அவருடைய புதிய அட்டையில் அதையும் தட்டிக் கொடுத்தேன்.